ஸ்கேன் செய்த பில்லில் வரித் தொகையைத் தனியே பிரிப்பதும் ரவுண்டிங்கைச் சரிபார்ப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் பதில்கள் எல்லாம் ஒரே மாதிரி பில்லை வைத்தே நகர்கின்றன. ஐந்து பொருட்கள், இரண்டு வரி விகிதங்கள், கடைசியில் ஒரு ரவுண்ட் ஆஃப். தாளில் அச்சாகியிருப்பது இது. இடமிருந்து வலமாகப் பொருளின் எண், வரி சேர்க்காத மதிப்பு, வரி விகிதம், வரித் தொகை; கீழே கூட்டுத்தொகைகள், ரவுண்ட் ஆஃப், இறுதித் தொகை:

```
1   1,249.50   18%   224.91
2     386.25   18%    69.53
3     947.30    5%    47.37
4     214.90    5%    10.75
5   1,108.40   18%   199.51
    3,906.35         552.06
                      -0.41
                   4,458.00
```

ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் ஓட்டியபின் கையில் கிடைப்பது இது:

```
1 1,249.50 1896 224.91
2 386.25 18% 69.53
3 947.305% 47.31
4 214.90 5% 10.75
5 1,108.40 18% 199.51
3,906.35 552.06
-0.41
4,458.00
```

தமிழில் 'வரி' என்ற ஒரே சொல் சர்க்காருக்குச் செலுத்துவதையும் குறிக்கும், எழுத்து வரியையும் குறிக்கும். குழம்பாமல் இருக்க, இந்தப் பக்கத்தில் வரி என்றால் எப்போதும் முதல் பொருள்தான். அட்டவணையில் குறுக்காகப் போவது வரிசை, மேலிருந்து கீழே வருவது நெடுவரிசை.

மதிப்பும் வரியும் ஒட்டிக்கொண்டு ஒரே எண்ணாக வருகிறது. எங்கே வெட்டுவது?

தொகைகள் எல்லாம் இரண்டு தசம இலக்கத்தோடு அச்சாகும் பில் என்றால் வெட்டும் இடம் புள்ளியிலிருந்தே தெரியும். புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் எண்ணி அங்கே வெட்டுங்கள். மூன்றாவது வரிசையில் வந்த `947.305%` அப்படியே 947.30 என்றும் 5% என்றும் பிரிகிறது. `1249.50224.91` போல வந்தாலும் இதே விதியில் 1249.50, 224.91 என்று பிரியும்.

விகிதத்தில் வேறொரு தொல்லை உண்டு. சதவீதக் குறியின் இரண்டு சிறு வட்டங்களும் 9, 6 என்ற இலக்கங்களாகப் படிக்கப்படுவது அடிக்கடி நடக்கும். முதல் வரிசையின் `1896` அப்படி வந்ததுதான். இதற்கு முன்கூட்டியே ஒரு சிறு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வகை பில்லில் வரக்கூடிய விகிதங்கள் எவை? இங்கே 5, 18 இரண்டு மட்டும். பட்டியலில் இல்லாத எண் வந்து, அதன் கடைசியில் 96 இருந்தால் அதை நீக்கிப் பாருங்கள். மிச்சம் பட்டியலில் இருந்தால் அதுதான் விகிதம். ஆனாலும் 1249.50-ஐ 18 சதவீதத்தால் பெருக்கி 224.91 வருகிறதா என்று பார்த்த பிறகே உறுதி செய்யுங்கள். இங்கே மிச்சமில்லாமல் வருகிறது.

புள்ளியே காணாமல் போய் `124950 22491` என்று வந்தால், இரண்டு எண்ணிலும் புள்ளி போயிருக்கும்வரை கவலையில்லை, விகிதம் மாறாது. ஒன்றில் மட்டும் போயிருந்தால் வரி நூறு மடங்கு கூடியோ குறைந்தோ நிற்கும், கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஒட்டாமலே வாங்க ஸ்கேன் பக்கம் ஏதாவது செய்ய முடியாதா?

முடியும். முதலில் சாய்வைச் சரிசெய்யுங்கள். 300 டிபிஐயில் எட்டு அங்குல அகலம் 2400 பிக்சல். தாள் ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தாலும் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் இடையே சுமார் 42 பிக்சல் ஏற்றத்தாழ்வு வந்துவிடும். பத்துப் புள்ளி எழுத்தில் அச்சான அட்டவணையில் அடுத்தடுத்த வரிசைகளுக்கு இடைவெளி ஏறத்தாழ 50 பிக்சல்தான். அதாவது இரண்டாவது வரிசையின் மதிப்பு மூன்றாவது வரிசையின் வரியோடு சேர்ந்து நிற்கும். ஒட்டின எண்ணைப் பிரித்துவிடலாம், ஜோடி மாறிய எண்கள்தான் நிஜமான தலைவலி.

அடுத்தது, எழுத்தாக மட்டும் வாங்காமல் ஒவ்வொரு சொல்லும் தாளில் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்து வாங்குங்கள். டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு:

```
tesseract bill.png out --psm 6 tsv
```

இது தரும் `out.tsv` கோப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் `left`, `width` மதிப்புகள் இருக்கும். தொகைகள் வலது ஓரம் ஒட்டி அச்சாவதால், நெடுவரிசையைத் தீர்மானிக்க `left` உதவாது. 69.53-ம் 224.91-ம் ஒரே நெடுவரிசைதான், ஆனால் தொடங்கும் இடம் வேறு. `left + width` எவ்வளவு என்று பாருங்கள். ஒரே நெடுவரிசையில் உள்ள எல்லா எண்ணுக்கும் அது சில பிக்சலுக்குள் ஒத்துப்போகும்.

தலைப்பு மங்கிவிட்டது. எது மதிப்பு, எது வரி என்று எப்படித் தெரியும்?

பெருக்கிப் பாருங்கள். ஒரு நெடுவரிசையை விகிதத்தால் பெருக்கினால் இன்னொரு நெடுவரிசை கிடைக்கிறது என்றால், முதலாவது மதிப்பு, இரண்டாவது வரி. மூன்றாவதாக ஒன்று இருந்து, அது இரண்டின் கூட்டுத்தொகை என்றால் அது வரிசை மொத்தம்.

வகுத்து விகிதம் கண்டுபிடிக்கப் போகாதீர்கள். பெரிய தொகைகளில் பிரச்சினை இல்லை. 47.37-ஐ 947.30-ஆல் வகுத்தால் 5.0005 சதவீதம், அதை 5 என்று எடுத்துக்கொள்ளலாம். சிறிய தொகையில் அப்படி முடியாது. மதிப்பு 0.95, விகிதம் 5% என்றால் வரி 0.0475, அச்சாவது 0.05. வகுத்தால் 5.26 சதவீதம் வந்து நிற்கும். பெருக்கி ரவுண்ட் செய்தால் அதே 0.05 வரும், தகராறு இல்லை.

அளவு, ஒற்றை விலை என்ற இரண்டு நெடுவரிசைகளும் இதே மாதிரி ஒன்றையொன்று பெருக்கி மூன்றாவதைத் தரும். அதனால் ஒரு வரிசையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குறைந்தது மூன்று வரிசைகளிலாவது உறவு பொருந்த வேண்டும்.

இறுதித் தொகை சரியாக வந்தால் போதாதா? ஒவ்வொரு வரிசையாகப் பார்ப்பது வீண் வேலைதானே?

போதாது. நமது பில்லே சாட்சி. ஓசிஆர் மூன்றாவது வரிசையின் 47.37-ஐ 47.31 என்று தவறாகப் படித்திருக்கிறது. அந்தத் தவறோடே கூட்டினால் வரி 552.01. மதிப்பு 3,906.35-ஐச் சேர்த்தால் 4,458.36. முழு எண்ணாக்கினால் 4,458.00. அச்சான தொகையும் அதுவே! தவறு உள்ளேயே இருக்க, சோதனை தேறிவிட்டது.

காரணம் எளிது. முழு எண்ணாக்கும் ரவுண்ட் ஆஃப் 0.50 வரைக்கும் எதையும் விழுங்கும். அதற்குப் பின்னால் நின்று பார்த்தால் சின்னத் தவறுகள் கண்ணில் படாது. ரவுண்ட் ஆஃப் என்பதையும் ஒரு தொகையாக எடுத்து, 3,906.35 + 552.06 − 0.41 = 4,458.00 என்று கடைசி இலக்கம்வரை பொருந்துகிறதா என்று பாருங்கள். ரவுண்ட் ஆஃப் மங்கி, படிக்கவே முடியவில்லை என்றால் கழித்துக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அப்படிக் கண்டுபிடித்ததை வைத்து மறுபடியும் மொத்தத்தைச் 'சரிபார்ப்பதில்' அர்த்தமில்லை, அது எப்போதும் பொருந்தத்தான் செய்யும். அப்போது அது 0.50-க்குள் இருக்கிறதா என்பது ஒன்றே மிஞ்சும் சோதனை.

சரி, எதை முதலில், எதை அடுத்துச் சோதிக்க வேண்டும்?

முதலில் ஒவ்வொரு வரிசையிலும் மதிப்பு × விகிதம் = வரி. பிறகு மதிப்பு நெடுவரிசையின் கூட்டுத்தொகை. பிறகு வரி நெடுவரிசையின் கூட்டுத்தொகை. இறுதித் தொகை கடைசியில். முதல் சோதனைக்கு இவ்வளவு போதும்:

```python
from decimal import Decimal as D, ROUND_HALF_UP

rows = [("1249.50", 18, "224.91"), ("386.25", 18, "69.53"),
        ("947.30", 5, "47.31"), ("214.90", 5, "10.75"),
        ("1108.40", 18, "199.51")]
for i, (v, r, t) in enumerate(rows, 1):
    calc = (D(v) * r / 100).quantize(D("0.01"), ROUND_HALF_UP)
    if calc != D(t):
        print(i, calc, t)
```

இது `3 47.37 47.31` என்று ஒரே ஒரு வரிசையைத் திரும்பத் தரும். அந்த இடத்தில் தாளின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கணக்கு 47.37 சொல்கிறது என்பதால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு திருத்திவிடக் கூடாது, ஏனென்றால் தப்பு மதிப்பிலும் இருக்கலாம், விகிதத்திலும் இருக்கலாம். 1-ம் 7-ம் ஒன்றுபோலத் தெரியும் எழுத்துரு என்றால் சந்தேகம் தீர்ந்தது.

எக்செலில் செய்கிறவர்கள் மதிப்பு D-யிலும் விகிதம் E-யிலும் இருந்தால் `=ROUND(D2*E2/100,2)` போட்டு அச்சான வரியோடு ஒப்பிடலாம். செல்லை இரண்டு தசமத்துக்கு வடிவமைத்துவிட்டு `ROUND` போடாமல் விடுவதுதான் இங்கே பலரும் செய்வது. திரையில் 69.53 தெரியும், உள்ளே 69.525 இருக்கும், கூட்டும்போது உள்ளே இருப்பதுதான் கூடும்.

வரியைச் சோதித்தால் மதிப்பும் சோதித்ததாகிவிடாதா?

பாதிதான் ஆகும். விகிதம் சிறியதாக இருக்க இருக்க இந்தச் சோதனையின் கண் மங்கிக்கொண்டே போகும். 5% வரி 47.37 என்று அச்சாகியிருந்தால், அதற்கு முன் இருந்த மதிப்பு 947.30-லிருந்து 947.50-க்குச் சற்றுக் கீழே வரை எதுவாகவும் இருந்திருக்கலாம். எல்லாமே ரவுண்ட் செய்தால் 47.37 ஆகிவிடும். ஆகவே ஓசிஆர் 947.30-ஐ 947.36 என்று படித்தால் பெருக்கல் சோதனை அதைக் கவனிக்காமல் விட்டுவிடும்.

அதைப் பிடிப்பது நெடுவரிசைக் கூட்டல். மதிப்புகள் ஐந்தையும் கூட்டினால் 3,906.35 வர வேண்டும், ஒரு காசு கூட வித்தியாசம் கூடாது. கூட்டலில் ரவுண்டிங் கிடையாது. மேலே சொன்ன தவறு இருந்தால் 3,906.41 வரும். அளவும் ஒற்றை விலையும் அச்சாகியிருந்தால் அவற்றைப் பெருக்கியும் எந்த வரிசை என்று கண்டுபிடிக்கலாம்.

இதே காரணத்தால்தான், மதிப்பு படிக்க முடியாமல் போனால் வரியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு நிரப்பக் கூடாது. தேவையென்றால் மொத்தத்திலிருந்து மற்ற நான்கையும் கழித்து எடுங்கள். அது துல்லியமானது.

எல்லாம் திருத்தியபிறகும் வரியில் 0.01 இடிக்கிறது. இன்னும் எங்கேயாவது தவறு இருக்கிறதா?

இந்தப் பில்லில் இல்லை. 47.37 என்று திருத்திய பிறகு ஐந்து வரிகளையும் கூட்டினால் 552.07. பில்லில் 552.06. இரண்டுமே சரி, ரவுண்ட் செய்த இடம்தான் வேறு.

வரியை ஒவ்வொரு வரிசையிலும் ரவுண்ட் செய்து பிறகு கூட்டலாம். அல்லது ஒரே விகிதத்தில் உள்ள மதிப்புகளை முதலில் கூட்டி, அதன்மேல் ஒரே தடவை வரி போட்டு ரவுண்ட் செய்யலாம். 18% பொருட்களின் மதிப்பு 2,744.15. அதன் வரி 493.947, ரவுண்ட் செய்தால் 493.95. வரிசை வாரியாகக் கூட்டினாலும் அதுவே. 5% பொருட்களில்தான் பிரிகிறது. மதிப்பு 1,162.20, வரி மிகச் சரியாக 58.11. ஆனால் வரிசைகளில் 47.365 என்பது 47.37 ஆகவும், 10.745 என்பது 10.75 ஆகவும் ஏறிவிட்டதால் கூட்டுத்தொகை 58.12. அந்த ஒரு காசுதான் இடிக்கிறது. இந்தப் பில்லைப் போட்ட மென்பொருள் வரிசைகளில் காட்டியது ஒரு கணக்கு, கீழே மொத்தத்துக்கு எடுத்துக்கொண்டது இன்னொரு கணக்கு. ஐரோப்பிய மின்-இன்வாய்ஸ் தரமான இஎன் 16931 இரண்டாவது முறையைத்தான் கேட்கிறது, அதாவது வரி விகித வகை வாரியாக ஒரே தடவை.

எவ்வளவு வித்தியாசம் வரை ரவுண்டிங் என்று விட்டுவிடலாம்?

'ஒன்று வரை விடு' என்ற பழக்கத்தை விடுங்கள். எல்லையைக் கணக்கிடவே முடியும். ஒவ்வொரு ரவுண்டிங்கும் அதிகபட்சம் 0.005 தள்ளும். வரிசைகள் ஐந்து, விகிதக் குழுக்கள் இரண்டு, மொத்தம் ஏழு ரவுண்டிங். 7 × 0.005 = 0.035. தொகைகள் 0.01 படியில்தான் நகரும் என்பதால் இந்தப் பில்லில் எல்லை 0.03. ஓசிஆர் தந்த 552.01-க்கும் 552.06-க்கும் வித்தியாசம் 0.05. எல்லையைத் தாண்டிவிட்டது, எனவே அது ரவுண்டிங் அல்ல என்று வரிசைகளைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

எல்லைக்குள் இருப்பது மட்டும் சான்று ஆகாது. முந்தைய பதிலில் செய்ததுபோல இரண்டு முறையிலும் கணக்குப் போட்டு, அச்சான தொகை இரண்டில் ஒன்றோடு அச்சு அசலாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். எந்த முறையோடும் பொருந்தாத 0.02 என்பது, எல்லைக்குள் இருந்தாலும் தாளை இன்னொருமுறை பார்க்க வேண்டிய 0.02.

நான் போட்ட கணக்கு ஒன்று, கம்ப்யூட்டர் போட்டது இன்னொன்று. சரியாக 5-இல் முடியும்போது மட்டும் மாறுகிறது.

பாதியில் நிற்கும் எண்ணை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதில் இரண்டு வழக்கம் உண்டு. எக்செலின் `ROUND` பாதியை எப்போதும் மேலே தள்ளும். பைத்தானின் `round` பாதியை இரட்டைப்படை இலக்கம் இருக்கும் பக்கம் தள்ளும். அந்த இரண்டாவது வழக்கப்படி 69.525 என்பது 69.52, 47.365 என்பது 47.36, 10.745 என்பது 10.74. நமது பில்லின் மூன்று வரிசைகள் மாறி, வரியின் கூட்டுத்தொகை 552.04 ஆகிவிடும்.

அதற்கும் மேலே ஒரு குழி இருக்கிறது. சாதாரண மிதவைப் புள்ளி எண்களில் பல தசமங்களைத் துல்லியமாக வைக்க முடியாது. `round(2.675, 2)` என்று பைத்தானில் போட்டால் 2.67 வரும், எந்த வழக்கப்படி பார்த்தாலும் 2.68 தானே வர வேண்டும்? உள்ளே இருப்பது 2.675-க்கு ஒரு மயிரிழை குறைவான எண், அதனால்தான். மேலே உள்ள நிரலில் தொகைகளை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகவே `Decimal`-க்குக் கொடுத்திருப்பது இதற்காக.

வரி இரண்டு பங்காக, 9% + 9% என்று அச்சாகிறது. அப்போதும் இதே கணக்குதானா?

இல்லை, ஒவ்வொரு பங்கையும் தனியே ரவுண்ட் செய்துதான் ஒப்பிட வேண்டும். 386.25-க்கு 18% என்றால் 69.53. 9% என்றால் 34.7625, அச்சாவது 34.76, இரண்டு பங்கும் சேர்ந்து 69.52. 1,249.50-இல் எதிர்ப்பக்கம் நடக்கும்: 9% என்பது 112.455, அச்சாவது 112.46, இரண்டும் சேர்ந்து 224.92, ஆனால் 18% என்றால் 224.91. எல்லைக் கணக்கிலும் ரவுண்டிங் எண்ணிக்கை இரட்டிப்பாகும். சம பங்கு என்றால் ஒரு வசதி உண்டு: இரண்டு பங்கும் ஒரே எண்ணாக இல்லாவிட்டால் ஓசிஆர் தவறு என்று உடனே தெரிந்துவிடும்.

வித்தியாசம் பெரியதாக இருந்தால் எங்கே தேடத் தொடங்குவது?

வித்தியாசத்தையே உற்றுப் பாருங்கள். 0.06, 5.00, 300 போல ஒரே ஓர் இலக்கமும் மற்றவை பூச்சியமும் என்றால் பெரும்பாலும் ஓர் இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டிருக்கும். அதில் 5 நின்றால் 3-ஐ 8 என்றோ 8-ஐ 3 என்றோ படித்ததா என்று முதலில் பாருங்கள். வித்தியாசம் ஏதோ ஒரு வரிசையின் தொகைக்கே சமமாக இருந்தால் அந்த வரிசை விடுபட்டிருக்கிறது அல்லது பக்கம் மாறும் இடத்தில் இரண்டு தடவை வந்திருக்கிறது. காசுகளாக எழுதிப் பார்க்கும்போது 99-ஆல் மிச்சமின்றி வகுபட்டால் எங்கோ ஒரு புள்ளி தொலைந்திருக்கலாம்.

விலையிலேயே வரி சேர்ந்திருக்கிறது. பிரித்துக் கூட்டினால் 0.01 கூடுகிறதே?

வரியோடு சேர்த்து 100.00, விகிதம் 18% என்று வையுங்கள். மதிப்பு 100 × 100 ÷ 118 = 84.7458, அதாவது 84.75. இப்போது 84.75-ஐ 18 சதவீதத்தால் பெருக்கினால் 15.255, ரவுண்ட் செய்தால் 15.26. இரண்டையும் கூட்டினால் 100.01. இந்த வகை பில்லில் வரியைப் பெருக்கி எடுக்கக் கூடாது, மொத்தத்திலிருந்து மதிப்பைக் கழித்து 15.25 என்று எடுக்க வேண்டும். அச்சான பில்லிலும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதனால் இங்கே வரிசைச் சோதனையில் 0.01 வரை விட்டுக்கொடுத்து, மதிப்பும் வரியும் கூடி மொத்தம் ஆகிறதா என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காமல் இருங்கள்.

மிஞ்சிய அந்த 0.01-ஐக் கணக்கில் எங்கே வைப்பது?

வரிசைகளையும் மொத்தத்தையும் தாளில் உள்ளபடியே பதியுங்கள், வித்தியாசத்தைத் தனி நெடுவரிசையில் எழுதுங்கள். பொருந்த வேண்டுமே என்று 10.75-ஐ 10.74 ஆக்கினால் பதிவு தாளோடு ஒத்துப்போகாது, அடுத்த முறை ஓட்டும் சோதனையில் நான்காவது வரிசை தவறென்று வந்து நிற்கும். பில்லின் ரவுண்ட் ஆஃப் −0.41 வேறு, இந்த 0.01 வேறு. இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்து −0.42 என்று எழுதினால் பில்லில் இல்லாத ஓர் எண் பதிவில் ஏறிவிடும்.